மூச்சுதான் முதலில்: ஒரு லைஃப் கார்டின் அறிக்கையைப் படிப்போம்

பொது நீச்சல் குளங்களின் அலுவலக அறையில், டிக்கெட் கட்டுகளுக்கும் குளோரின் அளவு குறிக்கும் நோட்டுக்கும் நடுவே விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும். அல்லது இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து யாரையாவது மயங்கிய நிலையில் வெளியே எடுத்தால், எடுத்த லைஃப் கார்டு அன்றே, வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, அதில் எழுதிவிட வேண்டும். மேலதிகாரி கேட்பாரே என்பதற்காக எழுதும் விளக்கக் கடிதம் அல்ல அது. பிழைத்த குழந்தையை மருத்துவமனையில் பார்க்கும் டாக்டருக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறு கிடைக்காது.

அப்படி ஓர் அறிக்கையை வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். இது குறிப்பிட்ட ஒரு குளத்தில் நடந்தது அல்ல. இத்தகைய அறிக்கைகளில் வழக்கமாக வரும் வரிகளைக் கொண்டு இந்தக் கட்டுரைக்காக அமைத்தது. கோடை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பேட்ச். ஏழு வயதுப் பையன், எடை சுமார் 20 கிலோ. நீச்சல் தெரியாது. ஆழமற்ற பக்கத்தில்தான் இறங்கினான். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து நகர்ந்து ஆழமான பக்கத்துக்கு வந்திருக்கிறான்.

அறிக்கையின் முதல் வரி: “4.41: சிவப்பு நிக்கர் போட்ட பையன் ஆழமான பக்கத்து ஏணி அருகே கம்பியைப் பிடித்தபடி இருந்ததைப் பார்த்தேன். திரும்பிப் போகச் சொல்லி விசில் அடித்தேன். தலையை ஆட்டினான்.”

இரண்டாவது வரி: “4.43: அதே ஏணிக்குச் சற்றுத் தள்ளி, தரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முதலில் துண்டு என்று நினைத்தேன். அசையவில்லை. நீண்ட விசில் அடித்துக் குதித்தேன்.”

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே சத்தமே இல்லை. அலறல் இல்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. சினிமாவில் மூழ்குகிறவர் இரண்டு கையையும் உயர்த்தி “காப்பாத்துங்க” என்று கத்துவார். நிஜத்தில் கத்துவதற்கு மூச்சு வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த அரை நொடியில் மூச்சை இழுக்கத்தான் உடல் பார்க்குமே தவிர, குரல் கொடுக்காது. கைகளும் மேலே போகாது. பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தி, முகத்தை மேலே கொண்டுவரத் தவிக்கும். 1970-களில் பிராங்க் பியா என்ற அமெரிக்க லைஃப் கார்டு, நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் நடந்த மீட்புகளைப் படம்பிடித்துப் பார்த்து இதை விளக்கினார். உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது, இருபதிலிருந்து அறுபது நொடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார் என்பது அவர் கண்டது. குழந்தைகளுக்கு அந்தக் கணக்கின் குறைந்த பக்கம்தான் பொருந்தும்.

அதனால்தான் லைஃப் கார்டு பயிற்சியில் 10-20 என்றொரு கணக்கு சொல்வார்கள். தன் பகுதியில் ஒருவர் தத்தளித்தால் பத்து நொடிக்குள் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த இருபது நொடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். நம் அறிக்கையில் அந்தக் கணக்கு தவறியிருக்கிறது. 4.41-க்கும் 4.43-க்கும் நடுவே எப்போது கை நழுவியது என்று யாருக்கும் தெரியாது. அதை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்த அறிக்கையின் நேர்மை.

தரையில் கிடந்தவனைத் துண்டு என்று நினைத்தாராம். இதைப் படிக்கும் பெற்றோருக்குக் கோபம் வரும். ஆனால் கரையில் உயர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். நாற்பது பேர் துள்ளும் தண்ணீரில் அலை நெளியும், தரையில் உள்ளது பத்து வடிவமாக உடைந்து தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் குளத்தின் பாதி வெறும் பளபளப்பாகிவிடும். நல்ல குளங்களில் இதைச் சோதிக்கக் குழந்தை அளவு பொம்மையைத் தரையில் போட்டு, எந்த நாற்காலியிலிருந்து எந்த நேரத்தில் அது தெரிகிறது, தெரியவில்லை என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் நாற்காலியை நகர்த்துவார்கள்.

கேமரா வைத்துப் பார்க்கும் வழியும் வந்திருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் பாங்கர் ஊர்க் குளத்தில், 2005-இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆழமான பக்கத்தில் மூழ்கித் தரையில் கிடந்தாள். போஸைடன் என்ற கருவி அங்கே பொருத்தப்பட்டிருந்தது. தண்ணீருக்கடியிலுள்ள கேமராக்கள் எடுக்கும் படத்தைக் கணினி இடைவிடாமல் அலசி, அசையாமல் கிடக்கும் உருவத்தைக் கண்டால் எச்சரிக்கை ஒலி எழுப்பும். ஒலி கேட்டு லைஃப் கார்டு குதித்து அவளை மேலே கொண்டுவந்தார். அவள் பிழைத்தாள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி, ஆள் அசைவற்றுப் போன பிறகுதான் கூப்பிடுகிறது. தத்தளிக்கும்போது கண்டுபிடிப்பது மனிதக் கண்ணின் வேலை. வெளியே எடுத்தபின் மூச்சு கொடுப்பதும் மனிதர் வேலைதான்.

இனி மூன்றாவது வரி: “4.44: கரையில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன், பதில் இல்லை. உதடு நீலம். மார்பு அசையவில்லை. வாயில் வெள்ளை நுரை. தலையைச் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து ஐந்து மூச்சு கொடுத்தேன். முதல் இரண்டில் மார்பு எழவில்லை. தலையைச் சரிசெய்தேன். அடுத்த மூன்றில் எழுந்தது. ஐந்தாவது மூச்சுக்குப் பின் இருமினான். நெஞ்சில் அழுத்தம் கொடுக்கவில்லை. நாடி பார்க்கவில்லை.”

இந்தப் பத்தியை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினாலும், ஒருவராவது கேட்பார்: “நெஞ்சை அமுக்கலையா? சி.பி.ஆர். பண்ணலையா?” அவர் கேட்பதில் தப்பில்லை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது, வாயோடு வாய் வைக்கத் தயங்கினாலும் பரவாயில்லை, நெஞ்சை மட்டும் வேகமாக அழுத்துங்கள் என்பதுதான். நடுரோட்டில் மாரடைப்பில் விழும் பெரியவருக்கு அது சரி. அவர் விழுந்த நொடிவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர். ரத்தத்தில் பிராணவாயு இன்னும் இருக்கிறது. இதயம் திடீரென்று நின்றதுதான் சிக்கல். அழுத்தினால், இருக்கிற பிராணவாயு மூளைக்குப் போய்ச் சேரும்.

மூழ்கிய குழந்தைக்கு எல்லாம் தலைகீழ். அங்கே நன்றாக இருந்த இதயம் பிராணவாயு இல்லாமல் பட்டினி கிடக்கிறது. முதலில் மூச்சு நிற்கிறது. இதயம் அப்போதும் துடிக்கும். பிறகு மெதுவாகும், துவளும், கடைசியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி ஒன்று உண்டு. அதற்குள் சில மூச்சு உள்ளே போய்விட்டால், இதயம் நிற்காமலேயே பையன் திரும்பி வந்துவிடுவான். பிராணவாயுவே இல்லாத ரத்தத்தை நெஞ்சை அழுத்தி மூளைக்கு அனுப்பி என்ன பயன்?

அந்த இடைவெளி எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதுவும் லைஃப் கார்டுகளின் பதிவேட்டிலிருந்து வந்ததுதான். பிரேசிலின் டேவிட் ஸ்பில்மான் என்ற மருத்துவர், ரியோ டி ஜெனிரோ கடற்கரைகளில் 1972 முதல் 1991 வரை நடந்த மீட்புகளின் குறிப்புகளை எடுத்து, 1,831 பேரின் நிலையை அலசி 1997-இல் வெளியிட்டார். வெளியே எடுத்தபோது இருந்த நிலையை வைத்து ஆறு படிகளாகப் பிரித்தார். ஐந்தாவது படி, மூச்சு நின்று இதயம் மட்டும் துடித்தவர்கள். அவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆறாவது படி, மூச்சும் இதயமும் நின்றவர்கள். அவர்களில் 93 சதவீதம் பேர் இறந்தார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருப்பது ஒரு சில நிமிடம்தான்.

நம் பையனுக்கு நாடி பார்க்கவில்லை என்று லைஃப் கார்டு எழுதியிருக்கிறார். “இதயம் துடித்தது” என்று ஊகித்து எழுதவில்லை. வெறும் ஐந்து மூச்சில் இருமினான் என்ற வரியைப் படிக்கும் டாக்டர், இதயம் நின்றிருக்காது, இவன் ஐந்தாவது படிக்காரன் என்று தானே முடிவு செய்துகொள்வார். பார்த்ததை எழுது, முடிவு கட்டாதே என்பது அறிக்கை எழுதுவதில் முதல் பாடம். பதற்றத்தில் தேடும் நாடி எளிதில் அகப்படாது. தன் விரலின் துடிப்பையே குழந்தையின் துடிப்பு என்று நினைத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் பொதுமக்களை நாடி தேடச் சொல்வதில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சு இல்லை என்றால் மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டியதுதான்.

எத்தனை மூச்சு? ஐரோப்பிய முறையில் ஐந்து, அமெரிக்க முறையில் இரண்டு. எதைப் பயின்றிருந்தாலும் சரி, மூச்சில்தான் தொடக்கம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒவ்வொரு மூச்சும் ஒரு நொடி. மார்பு எழும் அளவுக்கு ஊதினால் போதும். முழு பலத்தோடு ஊதினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியைத் தூண்டும். மார்பு எழவில்லை என்றால் பெரும்பாலும் தலை சரியாகச் சாயவில்லை என்று அர்த்தம். இந்த அறிக்கையில் முதல் இரண்டு மூச்சு அப்படித்தான் வீணானது. ஐந்து மூச்சுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் உடனே நெஞ்சு அழுத்தம். மார்பின் நடுவே, மார்புக் கூட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒருவராக இருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் பதினைந்துக்கு இரண்டு. அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி குளத்தில் இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். அது வரும்வரை மூச்சை நிறுத்திக் காத்திருக்கக் கூடாது. மூழ்கி நின்ற இதயத்துக்குப் பெரும்பாலும் அதிர்ச்சி உதவாது.

வாயில் வெள்ளை நுரை என்ற சொற்களையும் கவனியுங்கள். நுரையைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அது வந்துகொண்டே இருக்கும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உள்ளே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் அது குலைந்து, ஈரமான பிளாஸ்டிக் கவரின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல் அறைகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பூச்சும் நீரும் காற்றும் கலந்ததுதான் நுரை. அதன் ஊடாகவே மூச்சு கொடுக்க வேண்டும்.

அடுத்த வரிதான் நம் ஊருக்கே உரியது: “மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும்போது பையனின் அப்பா அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க முயன்றார். உதவியாளர் அவரைப் பிடித்து விலக்கினார்.”

நடந்ததை இப்படிக் கற்பனை செய்யலாம். “தண்ணிய எடுங்கப்பா, வயித்த அமுக்குங்க!” என்று கூட்டத்திலிருந்து ஒரு அம்மா கத்துகிறார். அப்பா பாய்கிறார். “சார், விடுங்க சார், மூச்சு குடுக்கணும், நகருங்க!” என்று உதவியாளர் குறுக்கே விழுகிறார். இருவருமே குழந்தையைக் காப்பாற்றத்தான் துடிக்கிறார்கள். ஆற்றிலும் கிணற்றிலும் விழுந்த பிள்ளையைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், குப்புறப் போட்டு முதுகில் அமுக்குவதும் தலைமுறைகளாகப் பார்த்த வைத்தியம். சில பிள்ளைகள் அதற்குப் பின் அழுததையும் கண்ணால் கண்டிருப்பார்கள். அவை சுற்றாமல் விட்டிருந்தாலும் அழுதிருக்கக்கூடிய பிள்ளைகள்.

வெளியே கொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம். மூழ்கியவரின் நுரையீரலுக்குள் போகும் நீர் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு 4 மில்லிக்கும் கீழேதான். 20 கிலோ பையனுக்கு 80 மில்லி, ஒரு டீ கிளாஸ்கூட இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் அது கொட்டாது. கொட்டுவது அவன் குடித்த வயிற்று நீர். வயிற்றை அமுக்கினால் அந்த நீரும் மத்தியானம் சாப்பிட்ட சோறும் தொண்டைக்கு வரும். மயக்கத்தில் இருப்பவனுக்கு விழுங்கவோ துப்பவோ முடியாது. அது நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இதற்கு நடுவில் மூச்சில்லாமல் கழியும் அரை நிமிடம், ஐந்தாவது படிக்காரனை ஆறாவது படிக்குத் தள்ளிவிடப் போதும்.

அமுக்காமலே வாந்தி வருவதும் சகஜம்தான். ஆஸ்திரேலியக் கடற்கரை மீட்பாளர்கள் 1973 முதல் 1983 வரை எழுதிவைத்த பதிவுகளை அலசியபோது, நெஞ்சு அழுத்தமும் மூச்சும் கொடுக்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேர் வாந்தி எடுத்திருந்தது தெரிந்தது. வந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். ஒருபக்கமாகப் புரட்டி, வாயை விரலால் வழித்துவிட்டு, மல்லாக்கத் திருப்பித் தொடர வேண்டும். நம் அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது: “4.45: இருமினான், வாந்தி எடுத்தான். இடப்பக்கமாகப் புரட்டினேன். தானாக மூச்சு விட்டான். 4.46: அழுதான். துண்டால் துடைத்துப் போர்த்தினோம். 108-க்கு 4.44-க்கே உதவியாளர் போன் செய்திருந்தார். 4.58: வண்டி வந்தது.”

பன்னிரண்டு நிமிடம் கழித்து வண்டி வரும்போது பையன் “அம்மா” என்று அழுதுகொண்டிருக்கிறான். இங்கேதான் இன்னொரு தவறு நடக்கும். “நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று குடும்பம் கிளம்பும். விடக் கூடாது. மூச்சு நின்று திரும்பிய குழந்தையின் நுரையீரல் அடி வாங்கிய நுரையீரல். உள்ளே அறைகள் இன்னும் முழுதாக விரிந்திருக்காது. அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு வாங்கலாம், ரத்தத்தில் பிராணவாயு இறங்கலாம். தண்ணீரில் லேசாகத் திணறி, இருமலோடு தப்பிய குழந்தையையே சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். மூச்சு கொடுத்துப் பிழைக்கவைத்தவனை ஆக்சிஜன் வசதியுள்ள வார்டில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். வண்டியில் ஏறும்போது அவன் அழுகிறான் என்பது நல்ல அறிகுறிதான், ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு அல்ல.

அங்கே டாக்டர் முதலில் கேட்பது: “எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான்?” பின்னால் மூளை எப்படி இருக்கும் என்று சொல்லும் குறிப்புகளில் இதைவிட உறுதியானது இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் நம்பிக்கை அதிகம். பத்தைத் தாண்டினால் வேகமாகக் குறையும். ஆனால் கரையில் நின்றவர்களைக் கேட்டால் ஒருவர் “அரை நிமிஷம்” என்பார், ஒருவர் “பதினஞ்சு நிமிஷம் இருக்கும்” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. பயத்தில் நேரம் அப்படித்தான் இழுபடும். அதனால் நல்ல அறிக்கை ஒற்றை எண்ணைச் சொல்லாது. நம் கணக்கைப் பாருங்கள். 4.41-இல் தலை தண்ணீருக்கு மேலே இருந்தது. 4.43-இல் தரையில் கிடந்தான். 4.44-இல் கரையில். ஆக, மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். மேலே இருந்ததை இரண்டு நிமிடத்துக்கு முன் பார்த்த கண் சொல்வதால் பத்து நிமிடமாக இருக்கவே முடியாது. டாக்டருக்கு வேண்டியது இந்த உறுதி. நேரங்களைக் கைக்கடிகாரத்தோடு மட்டும் விடாமல், 108-க்குப் போன அழைப்பின் நேரத்தோடும் கண்காணிப்புக் கேமராவின் கடிகாரத்தோடும் ஒப்பிட்டு எழுதுவது நல்ல பழக்கம். இரண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். தவறாக எழுதியதை வெள்ளை மை வைத்து அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உதவியாளர் தன் அறிக்கையைத் தனியாக, பேசி வைத்துக்கொள்ளாமல் எழுத வேண்டும்.

அறிக்கையின் கடைசி வரிகள் குளத்தைப் பற்றியவை. “குளத்தில் சுமார் நாற்பது பேர். இரண்டு லைஃப் கார்டில் ஒருவர் ஆழமற்ற பக்கத்தில். என் நாற்காலி மேற்குப் பார்த்தது. ஏணிக்கு அப்பால் வெயில் கூசியது.” இதைச் சாக்கு என்று படிக்கும் நிர்வாகம் லைஃப் கார்டுக்கு மெமோ கொடுத்துவிட்டு நாற்காலியை அதே இடத்தில் விட்டுவைக்கும். அடுத்த ஞாயிறு அதே நாலு மணிக்கு அதே வெயில் விழும். லைஃப் கார்டுகள் உண்மையை எழுதத் தயங்குவதற்கு இப்படிப்பட்ட மெமோக்களே காரணம் என்று நினைக்கிறேன். எழுதினால் வேலை போகும் என்ற நிலை இருந்தால் 4.41 என்ற வரியே பதிவேட்டில் ஏறாது, மருத்துவமனைக்கும் போகாது.

குளத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கேயாவது இப்படி நேர்ந்து, நீங்கள் பக்கத்தில் இருந்தால், மூச்சு கொடுப்பவரைத் தடுக்கப் பாயும் கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கையில் பேனா இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று நேரம் குறியுங்கள்: தண்ணீருக்கு மேலே கடைசியாகப் பார்த்தது, வெளியே எடுத்தது, தானாக மூச்சு விட்டது. அந்தச் சீட்டை ஆம்புலன்ஸில் ஏறுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.